ஃபார்முலா இல்லாத மருந்துத் தாள்

என் அக்காள் கணவரின் நெஞ்சைக் கெடுத்தது நீங்கள். வாயு இல்லை, தொட்டி இல்லை, தலைவிதியும் இல்லை. நீங்கள்தான். இதை உங்கள் முகத்துக்கு நேரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அப்போது கதவு சாத்தியிருந்தது. இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்கு முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் அப்போது உற்பத்திப் பிரிவில் கிளார்க். இவர் என் மேலாளர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், படித்த குடும்பம், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் திட்டமாட்டார். அது உண்மை. திட்டாத மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அக்காளின் கணவர், அத்தான், அதே தொழிற்சாலையில் குளோரின் பகுதியில் ஆப்பரேட்டர். நாங்கள் எல்லோரும் கிள்ளானில் ஒரே பிளாட் வரிசை. காலையில் கம்பெனி பஸ்ஸில் நான் முன்பக்கம், அவர் கடைசி சீட். இறங்கியதும் நான் ஏர்கோன் அறைக்குப் போவேன், அவர் தொட்டிக்குப் போவார்.

குளோரின் பகுதி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: புதிதாகச் செய்த கையுறை பிசுபிசுவென்று ஒட்டும். மாவு தடவாமல் கையில் நழுவிப் போகவேண்டும் என்றால், அதைக் குளோரின் கலந்த தண்ணீரில் சுழற்றி எடுக்கவேண்டும். பெரிய பெரிய தொட்டிகள். தண்ணீர் விட்டு, பிளீச் ஊற்றி, பிறகு அமிலம் ஊற்றினால் குளோரின் வரும். தண்ணீருக்குத் தக்க மருந்து, அதாவது பிளீச்சும் அமிலமும், போட்டால் அது தண்ணீரிலேயே கிடக்கும். அதிகமாகப் போட்டால் மேலே எழும்பி வந்து ஆளைப் பிடிக்கும். மேலே ஒரு காற்றாடி இருந்தது, புகையை இழுக்க. அது எப்படி இழுத்தது என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

எந்தத் தொட்டிக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லும் தாளை நான்தான் அடித்தேன். எக்செல்லில் ஒரு ஃபைல். தொட்டிகள் குறுக்கே, ஒரு தொட்டிக்கு ஒரு காலம், அதாவது மேலிருந்து கீழே இறங்கும் ஒரு பத்தி. தண்ணீர், பிளீச், அமிலம், கடைசியில் வாயுவை அடக்கும் மருந்து, இவை கீழே கீழே வரிசையாக. தாளின் உச்சியில் ஒரு கட்டம். அன்று திறக்கும் டிரம்மில் பிளீச் எவ்வளவு வீரியம் என்று லேப் சொல்லும் எண் அதில். காலையில் நான் வீரியத்தையும் ஒவ்வொரு தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதையும் மட்டும் தட்டுவேன். மற்றதெல்லாம் ஃபார்முலா. தண்ணீர் குறைந்தால் மருந்து தானாகக் குறையும். பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட்டிப் பக்கம் மாட்டிவிடுவார்கள். ஒரே பிரிண்ட்தான். மறுநாள் அதே ஃபைலில் புது எண். பழையதை யாரும் வைப்பதில்லை. பேப்பர் வீண் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அந்தத் தாளுக்கு முன்னால் ஆப்பரேட்டர்கள் கண்ணளவில், மூக்களவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு இது என்ன சமையலா என்று கேட்டபிறகு தாள் வந்தது. அதற்கப்புறமும் அத்தான் ஒரு நாள் தாளைப் பார்க்காமல் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் குறைத்து ஊற்றினார். கையுறை சரியாக வரவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்து உங்களுடையது. அதிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் எல்லார் வாயிலும் ஒரே மலாய் வாக்கியம்: இக்குட் கெர்த்தாஸ் லா. தாள் சொன்னபடி செய். தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசி, எல்லாரும் அதையே சொன்னார்கள். கேன்டீனில் சோறு வாங்கும்போது குழம்பு குறைந்தால் கூட, இக்குட் கெர்த்தாஸ் லா என்று கிண்டல் செய்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் புது எக்செல் போட்ட சமயம். பழையதில் ஒரு தாளைக் காப்பி செய்து புதுத் தாளில் ஒட்டினால் காலத்தின் அகலம் கூட வராது. எல்லாம் ஒரே அளவு ஒல்லியாக நிற்கும். எண் கொள்ளாத கட்டத்தில் #### என்று வரிசையாக வரும். எங்கள் ஆபீஸ் பெண்கள் அதற்கு முள்வேலி என்று பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காலமாக மௌஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்யவேண்டும். புதியதில், பேஸ்ட் ஸ்பெஷல் என்ற பெட்டியைத் திறந்தால், அகலத்தை மட்டும் ஒட்டும் வழி ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் புதுத் தாள் போடும்போது நான் பழைய தாளைக் காப்பி செய்து, முதலில் அகலத்தை ஒட்டுவேன், பிறகு அதே பெட்டியைத் திறந்து கோடு, நிறம் எல்லாம் வரும்படி ஃபார்மட்டை மட்டும் ஒட்டுவேன், பிறகு வேண்டுமென்றால் எண்ணை. காப்பி செய்த இடத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டலாம். இதை நானே நோண்டிக் கண்டுபிடித்தேன். எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

நீங்கள் என் பின்னால் நின்று பார்த்தீர்கள். உங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. வாடிக்கையாளரின் ஆடிட் வரப்போகிறது, அவர்கள் அனுப்பிய படிவத்தில் தொட்டிகள் கீழே கீழே வரவேண்டும், மருந்துகள் குறுக்கே வரவேண்டும், நம்முடைய தாள் தலைகீழாக இருக்கிறது என்றீர்கள். நான் டிரான்ஸ்போஸ் என்று ஒரு கட்டம் இருப்பதைக் காட்டினேன். அதில் டிக் போட்டு ஒட்டினால் வரிசை காலமாகும், காலம் வரிசையாகும். நீங்களே உட்கார்ந்து ஒரு புது ஃபைலில் செய்து பார்த்தீர்கள். கட்டமெல்லாம் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பிழை காட்டியது. முகம் சிவந்துபோயிற்று உங்களுக்கு.

அதற்குக் காரணம் சொன்னேன். நீங்கள் அட்டவணையை மட்டும் காப்பி செய்தீர்கள். வீரியம் உள்ள கட்டம் தாளின் உச்சியில், அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. புது ஃபைலில் அந்த இடம் காலி. ஃபார்முலா அங்கே போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் ஃபார்முலாவை ஒட்டாதீர்கள், வேல்யூஸ் என்பதையும் டிரான்ஸ்போஸ் என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள், வந்த விடை மட்டும் எண்ணாகப் போய் உட்காரும் என்றேன். அப்படியே செய்தீர்கள். வந்தது. உங்களுக்கு இன்னொரு சந்தோஷம்: வாடிக்கையாளர் நம்முடைய ஃபார்முலாவைப் பார்க்கமாட்டார்.

ஆனால் வேல்யூஸ் மட்டும் ஒட்டினால் நிறமும் கோடும் வராது. எண்கள் மொட்டையாக, புள்ளிக்குப் பின்னால் நீளமான வாலோடு நிற்கும். அதனால் மறுபடி அதே பெட்டியைத் திறந்து, ஃபார்மட்ஸ், டிரான்ஸ்போஸ் என்று இன்னொரு தடவை ஒட்டவேண்டும். ஒரு தொகுதி வேலைக்கு இரண்டு ஒட்டு. உங்களுக்கு அந்த இரண்டாவது ஒட்டு அலுப்பாக இருந்தது.

"இத ஒரே தடவையில முடிக்க முடியாதா?" என்றீர்கள்.

"முடியாது சார். ரெண்டு தடவதான்."

"நான் ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் பாரு" என்று சிரித்தீர்கள்.

கண்டுபிடித்தீர்கள். நான் இல்லாத வாரத்தில்.

எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை கட்டி, வாசலைத் தாண்டாமல் கிடந்தேன். காலையில் தாள் அடிக்கும் வேலையைக் குளோரின் பகுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: மேலே வீரியம் தட்டு, தண்ணீர் வரிசையில் தண்ணீர் தட்டு, மற்றதைத் தொடாதே, பிரிண்ட் எடு. அவர் சொன்னபடியே செய்தார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது வேறு கோபம்.

அந்த வாரம் நீங்கள் ஆடிட் படிவத்தைத் தயார் செய்தீர்கள். உங்கள் குறுக்குவழி இதுதான். மூலத்தாளை, நான் தினமும் தட்டும் அதே தாளை, முழுக்கக் காப்பி செய்து, அதே இடத்தின்மேல் வேல்யூஸ் என்று ஒட்டினீர்கள். ஃபார்முலா எல்லாம் செத்து, அன்றைய விடைகள் எண்ணாக உறைந்தன. நிறம், கோடு, அகலம் எதுவும் அசையவில்லை, ஏனென்றால் வேல்யூஸ் ஒட்டும்போது அவற்றைத் தொடாது. பிறகு அட்டவணையை மறுபடி காப்பி செய்து, புது ஃபைலில் டிரான்ஸ்போஸ் மட்டும் டிக் போட்டு ஒட்டினீர்கள். எண்ணும் வந்தது, நிறமும் வந்தது. ஒரே ஒட்டு. கெட்டிக்காரத்தனம்தான். புது ஃபைலைப் பிளாப்பியில் சேமித்தீர்கள். பழைய ஃபைலை மூடினீர்கள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நோ என்றிருந்தால் ஃபார்முலாக்கள் அப்படியே பிழைத்திருக்கும். நீங்கள் யெஸ் அழுத்தினீர்கள்.

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. நீங்கள் உங்கள் வாயால் சொன்னது.

அடுத்து வந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. தொட்டிகள் எல்லாம் எப்போதும்போல் முழுத் தண்ணீர். உறைந்த எண்ணும் சரியான எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. சூப்பர்வைசர் தண்ணீரைத் தட்டினார், வீரியத்தைத் தட்டினார், கீழே எதுவும் மாறவில்லை. மாறவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நான் இருந்திருந்தால் முதல் காலையிலேயே தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு சின்ன ஆர்டர் வந்தது. கையுறை கொஞ்சம்தான், தொட்டியில் பாதித் தண்ணீர் போதும். சூப்பர்வைசர் தண்ணீர் வரிசையில் பாதி எண்ணைத் தட்டினார். பிளீச்சும் அமிலமும் முழுத் தொட்டிக்கு உள்ள எண்ணிலேயே நின்றன. பிரிண்ட் எடுத்தார். உறையில் போட்டார். மாட்டினார்.

அத்தான் தாளைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்தது. பெரிய அறிவு எதுவும் இல்லை. பாதித் தண்ணீருக்கு இவ்வளவா என்று எந்த மனுஷனுக்கும் தோன்றும். தாளைக் கழற்றிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனார். பக்கத்தில் இருந்த பையன்கள் கேட்டிருக்கிறார்கள். பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

"பாஸ், தண்ணி பாதிதான் போட்டிருக்கு. மருந்து முழுசா இருக்கே?"

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அண்ணே. லேப்ல புது டிரம்மு, வீரியம் கொறைஞ்சிருக்கும். நீங்க மறுபடி உங்க இஷ்டத்துக்கு ஊத்தி இன்னொரு லெட்டர் வாங்கப் போறீங்களா? இக்குட் கெர்த்தாஸ் லா."

அத்தான் திரும்பிப் போய்த் தாள் சொன்னபடி ஊற்றினார்.

அமிலம் இறங்கும்போதே மேலே மஞ்சளாக எழும்பியதாம். அவர் உடனே ஓடியிருக்கலாம். வால்வை மூடப் போனார். மூடிவிட்டுத்தான் விழுந்தார். வால்வை மூடாமல் ஓடியிருந்தால் பக்கத்துத் தொட்டியருகே நின்ற பெண்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று, விபத்தைப் பற்றி நீங்கள் பிறகு எழுதிய அறிக்கையில் ஒரு வரி இல்லை. அவரை வெளியே இழுத்துப்போட்டு, எல்லா இடத்தையும் ஹோஸ் வைத்துக் கழுவினார்கள். அத்தான் கையில் இருந்த தாள் உறையோடு சாக்கடையில் போயிற்று. அது கழுவ வேண்டிய இடம், கழுவினார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை.

என்னால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அம்மை. அக்காள் மட்டும் போனாள். போனில் பேசும்போது, மூச்சு விடுகிற மாதிரியே இல்லை, சீட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய காலையில், நான் முதலில் செய்தது அந்த ஃபைலைத் திறந்தது. ஏன் திறந்தேன் என்றால், எல்லாரும் அத்தான் அதிகமாக ஊற்றிவிட்டார், கவனக்குறைவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். கடிதம் வாங்கியபிறகு சோற்றுக்கு உப்பு கூட அளந்து போடும் ஆள் அவர்.

தாள் எப்போதும்போல் இருந்தது. அதே நிறம், அதே கோடு, அதே அகலம். பிளீச் கட்டத்தில் 10.4 என்று நின்றது. நான் அதன்மேல் கிளிக் செய்தேன். மேலே நீளப் பட்டையில் சமக்குறியோடு ஃபார்முலா தெரியவேண்டும். தெரியவில்லை. 10.4347826086957 என்று ஒரு எண் கிடந்தது. பக்கத்துக் கட்டம், அதற்குப் பக்கத்துக் கட்டம், எல்லாவற்றிலும் இப்படி வாலோடு எண்கள். தண்ணீர் எண்ணை மாற்றித் தட்டிப் பார்த்தேன். கீழே ஒன்றும் அசையவில்லை. செத்த தாள்.

சூப்பர்வைசர் தவறுதலாக மேலே எண்ணைத் தட்டிவிட்டார் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் கையால் தட்டுகிறவன் 10.4 என்று தட்டுவான். புள்ளிக்குப் பின்னால் இத்தனை இலக்கத்தை எவனும் தட்டமாட்டான். அது ஃபார்முலாவின் விடையை அப்படியே உறையவைத்து ஒட்டியது. அந்த ஆபீஸில் அப்படி ஒட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வேப்பிலைக்குள் கிடந்தாள்.

உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினீர்கள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சாத்தினீர்கள்.

"பார்த்துட்டியா?" என்றீர்கள்.

"நீங்களா சார்?"

"நான்தான். ஆடிட் ஃபார்முக்காக அதுமேலயே ஒட்டினேன். சேவ் ஆயிருச்சு. எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

"அப்ப சொல்லுங்க சார். அவரு தப்பு இல்லன்னு சொல்லுங்க."

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். இப்போது சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், ஃபேக்டரியை மூடுவார்கள், இத்தனை குடும்பம் தெருவில் நிற்கும், உன் அத்தானுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொன்னீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். கண்ணில் தண்ணீர் கூட வந்தது. பிறகு சொன்னது இது:

"முதல்ல அந்த ஃபார்முலாவ எல்லாம் திரும்பப் போடும்மா. அடுத்த ஷிப்ட் வருது."

அங்கேதான் என்னைக் கட்டிப்போட்டீர்கள். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த ஷிப்டில் வேறொருவன் அந்தத் தொட்டியின் முன்னால் நிற்பான். அவனுக்கும் வீட்டில் ஆட்கள் உண்டு. ஃபைலை அப்படியே விட்டால் அவன் மூச்சும் போகும். ஃபார்முலாவைப் போட்டால் நீங்கள் செய்தது மறைந்துபோகும். பிளாப்பியில் ஒரு காப்பி எடுக்கலாம் என்று தோன்றியது. நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தீர்கள். நான் ஃபார்முலாவை ஒவ்வொரு கட்டமாகத் திரும்ப அடித்தேன். சேமித்தேன். அதே பழைய யெஸ். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்த ஆள் உயிரோடு வீட்டுக்குப் போனான்.

விசாரணை நடந்தது. நான் அனுமதி கேட்டு வாங்கி, போய் உட்கார்ந்து சொன்னேன். வெளியிலிருந்து வந்த அதிகாரி ஃபைலைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். ஃபார்முலா எல்லாம் இருந்தது. தண்ணீரை மாற்றினால் மருந்து மாறியது. கம்ப்யூட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். நான்தான் திரும்பப் போட்டேன் என்றேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு, அந்த வாரம் இந்தப் பெண் லீவில் இருந்தாள், பாதிக்கப்பட்டவர் அவளுடைய அக்காள் வீட்டுக்காரர், அவளுடைய வேதனை எனக்குப் புரிகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாமே உண்மை, கூட்டிப் பார்த்தால் பொய்.

சூப்பர்வைசர் தாளில் என்ன எண் இருந்தது என்று நினைவில்லை என்றார். அத்தான் வந்து கேட்டதும் நினைவில்லை என்றார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. பையன்களில் ஒருவரையும் அறைக்குள் கூப்பிடவில்லை.

முடிவில் எழுதினார்கள்: ஆப்பரேட்டர் அளவைச் சரியாகப் பின்பற்றவில்லை. முன்பும் இதே குற்றத்துக்கு எச்சரிக்கை பெற்றவர். தாளை மீறியதற்காகக் கொடுத்த கடிதம், தாளைப் பின்பற்றிய நாளுக்குச் சாட்சியாக வந்து நின்றது. அத்தானை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அக்காளிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"அப்படி ஒட்டுறதுக்கு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

"ம்."

அவ்வளவுதான். அந்த ம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கல்யாணம், காதணி விழா, தைப்பூசம், எதிலும் நானும் அவளும் பக்கத்தில் நிற்கிறோம், பேசுகிறோம், சிரிக்கிறோம். அதுவும் நடுவில் நிற்கிறது. என்மேல் அவளுக்கு உள்ள கோபம் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். கத்தியை விற்றவனை யாரும் தூக்கில் போடுவதில்லை. ஆனால் அவளுக்குக் கோபப்பட வேறு ஆள் கையில் கிடைக்கவில்லை. நீங்கள் கிடைக்காமல் போனீர்கள்.

நான் கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டேன். வேறு கம்பெனியிலும் எக்செல்தான். இன்றைக்கும் வேல்யூஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஃபைலை வேறு பேரில் சேமித்துவிட்டுத்தான் தொடுவேன். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களைக் கையில் தட்டியாவது அதைச் செய்யவைப்பேன். கிறுக்கு அக்கா என்று பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அத்தான் இருக்கிறார். பிளாட்டின் முதல் மாடிக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் உட்காருவார். மார்க்கெட்டில் யாராவது பிளீச் ஊற்றித் தரை கழுவினால் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார். முன்பு கோயிலில் நாதஸ்வரக்காரர்களோடு ஒத்து ஊதுவார், பொழுதுபோக்குக்கு. அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்திருக்கிறார். அவர் உங்களைத் திட்டி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வாயில் வருவது ஒன்றே ஒன்று. யாராவது பழைய ஆள் வீட்டுக்கு வந்தால், மூச்சு வாங்கி வாங்கிச் சொல்வார்: நான் தாள் பார்த்துத்தான் ஊத்துனேன். வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்பார்கள். அவர்கள் முகத்தில் நம்பிக்கை இருக்காது. நோயாளியைச் சமாதானப்படுத்தும் ஆமாம் அது. அவருக்கும் அது தெரியும்.

இதையெல்லாம் நான் எழுதியிருக்கமாட்டேன். நீங்கள் ஓய்வு பெற்று, பேரும் மரியாதையுமாக வாழ்வதைக் கேள்விப்பட்டும் சும்மாதான் இருந்தேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போட்டார்கள். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தியின் குடும்ப விழா அதே மேடையில் அடுத்து இருந்தது. நான் சீக்கிரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்து, வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினீர்கள். நம்முடைய தொழிலாளர்கள் கொடுத்த அறிவுரையைப் பின்பற்றுவதில்லை, அதனால்தான் விபத்துகள் நடக்கின்றன, என் அனுபவத்திலேயே ஒரு துயரம் பார்த்தேன் என்றீர்கள். கை தட்டினார்கள்.

நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். விழா வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் கைதட்டலைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தானிடம் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் ஆதாரம் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒன்றும் இல்லை. தாள் சாக்கடையில் போயிற்று. ஃபைலை என் கையாலேயே சரிசெய்தேன். சூப்பர்வைசருக்கு நினைவில்லை. சாத்திய கதவுக்குள் நீங்கள் சொன்ன ‘நான்தான்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அது உங்களிடமும் என்னிடமும் இருக்கிறது. நான் சொன்னால் அக்காள் வீட்டுப் பாசம் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் மட்டும்தான் அது உண்மையாகும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

வீட்டுக்கு வராதீர்கள். பழக்கூடையோடு வந்து அக்காளிடம் தனியாகப் பேசாதீர்கள். எனக்குப் போன் செய்யாதீர்கள். தனியாகச் சொன்னது போதும். அதே மண்டபத்துக்குப் போங்கள், அதே மைக்கைப் பிடியுங்கள். அல்லது இந்த எழுத்து அச்சாகும் அதே பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். அந்தத் தாளில் ஃபார்முலாவை அழித்து ஒட்டியது யார்? சேமிக்கவா என்று கேட்டபோது யெஸ் அழுத்தியது யார்? அந்தக் காலையில் அந்த ஆப்பரேட்டர் தாள் சொன்னதை ஊற்றினாரா இல்லையா?

மூன்று கேள்விதான். அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் கேட்கும்படி, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.